கலி யாருடைய இருட்டு?

பஸ் ஸ்டாண்டில் சில்லறை தரமாட்டேன் என்று கண்டக்டர் முறைத்தாலும், கல்யாணப் பத்திரிகை வாட்ஸப்பில் வந்தாலும், மருமகள் மாமனார் எதிரே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாலும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வாயில் வருவது ஒன்றுதான்: "கலி முத்திப் போச்சு." நானும் பல வருஷம் அப்படியே சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். பிறகு பஞ்சாங்கத்தில் அச்சிட்டிருக்கும் கலி ஆண்டைப் பார்த்துக் கணக்குப் போட்டால், சாஸ்திரப்படி கலி முத்தவே இல்லை என்று தெரிந்தது. அது இன்னும் பொழுது விடிந்துகொண்டிருக்கும் பருவத்தில் இருக்கிறது. அதிலிருந்துதான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தக் கணக்கு. கிருத யுகம், திரேதா யுகம், துவாபர யுகம், கலியுகம் என்று நான்கு. இவற்றின் நீளம் நாலுக்கு மூன்றுக்கு இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இறங்குகிறது. பழைய சூதாட்டத்தில் காய் விழும் விதங்களுக்கு இருந்த பெயர்களே இவை; நாலால் மீதியின்றி வகுபட்டால் கிருதம், ஒன்று மிஞ்சினால் கலி, அதாவது தோற்ற ஆட்டம். மகாபாரதத்தின் வன பர்வத்தில் மார்க்கண்டேயர் தருமனுக்குச் சொல்லும்போது கிருதம் 4000 ஆண்டு, அதற்கு முன்னால் 400 ஆண்டு விடியல், பின்னால் 400 ஆண்டு அந்தி, ஆக 4800. இதே பாணியில் திரேதா 3600, துவாபரம் 2400, கலி 1200. எல்லாம் சேர்ந்து 12,000.

இந்த 12,000 மனித ஆண்டுகள் என்றால் பெரிய சிக்கல். கலி எப்போதோ முடிந்து, நாமெல்லாம் கிருத யுகத்தில் அல்லவா இருக்க வேண்டும்? புராணங்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. இவை தேவ ஆண்டுகள். நமக்கு ஒரு வருஷம் அவர்களுக்கு ஒரு நாள். எனவே 360-ஆல் பெருக்கு. 1200-ஐப் பெருக்கினால் 4,32,000. கிருதம் 17,28,000, திரேதா 12,96,000, துவாபரம் 8,64,000. நான்கும் கூடினால் 43,20,000. மார்க்கண்டேயர் சொல்லும் இடத்தில் இந்தப் பெருக்கல் கிடையாது. புராணங்களில் அது அழுத்தமாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. முடிவு தேதியை எட்டாத தூரத்துக்குத் தள்ளி வைத்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். தேதி குறித்து உலகம் அழியும் என்று சொன்னவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியாததா?

ஆரம்பத் தேதி மட்டும் மிகத் துல்லியமாக இருக்கிறது: கிறிஸ்துவுக்கு முன் 3102, பிப்ரவரி 17-18. இது எங்கிருந்து வந்தது? ஆரியபடர் தம் நூலில், மூன்று யுக பாதங்கள் கழிந்து அறுபது முறை அறுபது ஆண்டுகள் முடிந்தபோது தமக்கு 23 வயது என்கிறார். 3600 ஆண்டு கலி முடிந்த வருஷம், அதாவது கி.பி. 499. அந்தக் கால வானியலுக்கு, எல்லாக் கோள்களும் ஒரே புள்ளியில் நின்று புறப்பட்ட ஒரு தொடக்கம் தேவைப்பட்டது. பின்னோக்கிக் கணக்கிட்டு அந்தப் புள்ளியைப் பிடித்தார்கள் என்பதே வானியல் வரலாற்று ஆய்வாளர்கள் பெரும்பாலோர் ஏற்பது. யாரும் அன்றிரவு மாடியில் நின்று பார்த்துக் குறித்து வைத்ததல்ல. ஆரியபடர் யுகங்களை நாலு-மூன்று-இரண்டு-ஒன்று என்று பிரிக்கக்கூட இல்லை. நான்கும் சமம், ஒவ்வொன்றும் 10,80,000 ஆண்டு என்றார். ஸ்மிருதிக்கு விரோதம் என்று பிரம்மகுப்தர் பின்னால் அவரைப் பிடித்து விளாசினார்.

தேதி கணக்கில் பிறந்ததாக இருந்தாலும், அது புழக்கத்தில் நன்றாகவே ஓடியது. கி.பி. ஆண்டோடு 3101-ஐக் கூட்டினால் கழிந்த கலி ஆண்டு வரும். பாரதப் போர் நடந்து 3735 ஆண்டு என்று ஐஹொளே கல்வெட்டில் இரண்டாம் புலகேசியின் கவி ரவிகீர்த்தி எழுதியது 634-இல். கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். மதுரைக்குப் பக்கத்தில் ஆனைமலை நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கல்வெட்டில் கலி 3871 என்றிருக்கிறது; அது 770. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன் காரி எடுப்பித்த கோயில் அது. இந்தப் பாண்டியனைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவான்.

இப்போது நம் கணக்கு. 2025-இல் கழிந்த கலி 5126. கலியின் விடியல் மட்டுமே 100 தேவ ஆண்டு, நம் கணக்கில் 36,000. அந்த விடியலில் ஏழில் ஒரு பங்கைத்தான் தாண்டியிருக்கிறோம். வீட்டு விசேஷத்தில் சாஸ்திரிகள் சங்கல்பம் சொல்லும்போது "கலியுகே ப்ரதமே பாதே" என்று ஒரு இடம் வரும், கவனித்திருப்பீர்கள். கலியின் முதல் காலில் இருக்கிறோம் என்று ஒவ்வொரு பூணூல் கல்யாணத்திலும் சொல்லிவிட்டு, சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்து கலி முத்திவிட்டதாகப் பேசிக்கொள்கிறோம்.

அப்படியானால் இவ்வளவு இளம் கலியை ஏன் இருட்டு என்கிறார்கள்? படிப்படியாக இறங்கும் வரிசையில் கடைசி என்பது ஒரு பதில். தர்மத்துக்குக் கிருதத்தில் நாலு கால், ஒவ்வொரு யுகத்திலும் ஒன்று போய், கலியில் ஒற்றைக் கால். மனு ஸ்மிருதி ஆயுளையும் அப்படியே வெட்டுகிறது: 400, 300, 200, 100. ஆனால் இதெல்லாம் சட்டகம்தான். அதற்குள் எதை இட்டு நிரப்பினார்கள் என்று பார்த்தால்தான் இருட்டின் நிறம் தெரியும்.

பாகவதத்தின் கடைசிக் காண்டத்தில் சுகர் பரீட்சித்துக்குச் சொல்லும் பட்டியல் ஒன்று இருக்கிறது. பணம் இருந்தால் அதுவே குலம், அதுவே குணம். பிராமணனுக்கு அடையாளம் பூணூல் மட்டும். தலைமுடியை வளர்த்து வைத்துக்கொண்டால் அதுதான் அழகு. தூரத்தில் இருக்கும் தண்ணீர்தான் தீர்த்தம். வயிற்றை நிரப்புவதே வாழ்க்கை லட்சியம். வரி தாங்காமல் ஜனங்கள் காட்டுக்கும் மலைக்கும் ஓடி, கீரையும் கிழங்கும் தேனும் தின்பார்கள். பசுக்கள் ஆடு அளவுக்குச் சிறுத்துப்போகும். படிக்கும்போது சிரிப்பும் வரும், வயிற்றைக் கலக்கவும் செய்யும். உள்ளூர்க் குளத்தில் பிளாஸ்டிக் மிதக்கவிட்டுவிட்டு காசிக்குப் பேக்கேஜ் டூர் போகிறவர்களுக்கு அந்தத் தீர்த்த வரி நன்றாகவே பொருந்துகிறது. ஃபார்வர்டுகளில் சுற்றுவதும் இந்த வரிகள்தான், "5000 வருஷத்துக்கு முன்பே சொன்னார்கள்" என்ற தலைப்போடு.

ஃபார்வர்டில் வராத வரிகளும் அதே காண்டத்தில் இருக்கின்றன. சூத்திரர்கள் தவ வேடம் போட்டு தானம் வாங்குவார்கள், உயர்ந்த ஆசனத்தில் ஏறி தர்மம் சொல்வார்கள். இது கலியின் அறிகுறிகளில் ஒன்று. வன பர்வத்தில் மார்க்கண்டேயரும் இதே குரலில் பேசுகிறார்: சூத்திரர் தர்மம் உரைப்பார்கள், பிராமணர் உட்கார்ந்து கேட்பார்கள், ஆந்திரர், சகர், புளிந்தர், யவனர், காம்போஜர் அரசாள்வார்கள், கோயில்களை விட்டுவிட்டு ஏடூகங்களை வணங்குவார்கள். ஏடூகம் என்றால் எலும்பு முதலான எச்சங்களை உள்ளே வைத்துக் கட்டியது. பௌத்த ஸ்தூபங்களைத்தான் சொல்கிறார் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். இதைப் படிக்கும்போது தீர்க்கதரிசனம் என்ற எண்ணம் எனக்கு விலகிவிடுகிறது. சகரும் யவனரும் வடக்கே ஆண்டதும், பௌத்தம் செழித்ததும் கிறிஸ்து பிறப்பதற்குச் சற்று முன்னும் பின்னுமான நூற்றாண்டுகளின் நடப்பு. எழுதியவர்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்ததை எதிர்காலமாக எழுதியிருக்கிறார்கள். வரலாற்றாசிரியர் ஆர்.எஸ். சர்மா, இந்தக் கலி வர்ணனைகளை கி.பி. மூன்றாம், நான்காம் நூற்றாண்டுச் சமூக நெருக்கடியின் பதிவாகப் படித்தார். வரி கட்ட மறுப்பவர்கள், சொன்ன வேலையைச் செய்ய மறுப்பவர்கள், தானமாகப் பெற்ற நிலத்தை இழந்தவர்கள், இவர்களெல்லாம் அந்த வர்ணனைக்குள் இருக்கிறார்கள் என்பது அவர் வாதம். எல்லாப் பகுதிகளையும் அந்த ஒரே நெருக்கடிக்குள் அடைக்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு, ஆனால் திசை சரி.

இதற்குத் தமிழ் மண்ணில் கையால் தொட்டுப் பார்க்கும்படி ஒரு சான்று இருக்கிறது. அங்கேதான் அந்தப் பாண்டியன் திரும்ப வருகிறான். நெடுஞ்சடையனின் மூன்றாம் ஆட்சியாண்டில் வெட்டிய வேள்விக்குடிச் செப்பேடு ஒரு நில வழக்கைச் சொல்கிறது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி காலத்தில் கொற்கைகிழான் நற்கொற்றன் என்பவருக்கு வேள்விக்குடி ஊர் பிரமதேயமாக, அதாவது பிராமணருக்கான கொடையாக, கொடுக்கப்பட்டது. பிறகு களப்பிரர் வந்தார்கள், ஊர் போயிற்று. கடுங்கோன் களப்பிரரை அகற்றிப் பாண்டியர் ஆட்சியை மீட்டான். ஆனாலும் அந்த ஊர் மட்டும் வாரிசுகள் கைக்கு வரவில்லை. தலைமுறைகள் கழித்து, நற்சிங்கன் என்ற வாரிசு நெடுஞ்சடையன் முன்னால் வந்து முறையிடுகிறார். பழைய உரிமையை நிரூபித்துக் காட்டு என்று அரசன் சொல்ல, அவர் நிரூபிக்க, ஊர் திரும்பக் கிடைக்கிறது. இந்தச் செப்பேட்டில் அந்தப் பறிமுதல் எப்படி வருகிறது தெரியுமா? "களப்ரரென்னும் கலியரைசன்" நாட்டைக் கைக்கொண்டான் என்று. களப்பிரர் தரப்பில் இதற்குப் பதில் சொல்லும் செப்பேடு ஒன்றும் நம்மிடம் இல்லை. நிலத்தைத் திரும்பப் பெற்றவர்களின் ஆவணம் மட்டும் மிஞ்சியது. அதில் நிலம் போன காலம் கலி அரசனின் காலம் ஆகிவிட்டது.

பாகவதத்தின் முதல் காண்டத்தில் கலி ஒரு ஆளாகவே வருகிறான். பரீட்சித்து திக்விஜயம் போகும் வழியில் ஒரு காட்சியைக் காண்கிறான். வெள்ளை வெளேரென்று ஒரு காளை, ஒற்றைக் காலில் நடுங்கிக்கொண்டு நிற்கிறது. பக்கத்தில் கண்ணீரோடு ஒரு பசு. கையில் தடியோடு ஒருவன் அவற்றை அடிக்கிறான். காளை தர்மம், பசு பூமி. காளைக்கு மிஞ்சியிருக்கும் ஒரே கால் சத்தியம். தவம், தூய்மை, தயை மூன்றும் போய்விட்டன. அரசன் வாளை உருவ, அடிப்பவன் காலில் விழுகிறான். சரி, என் நாட்டை விட்டுப் போ என்றால், எங்கே போனாலும் உங்கள் ராஜ்யமாகவே இருக்கிறதே, ஒரு இடம் காட்டுங்கள் என்கிறான். சூதாடும் இடம், குடிக்கும் இடம், விலைமகளிர் இடம், உயிர்க்கொலை நடக்கும் இடம் என்று நாலு இடம் கிடைக்கிறது. போதாது என்று இன்னும் கெஞ்ச, தங்கத்தையும் கொடுக்கிறான். கதையாக அபாரமான கதை. ஆனால் அந்த அடிக்கிறவனை நூல் எப்படி அறிமுகம் செய்கிறது என்பதைப் பாருங்கள்: அரசனின் சின்னங்களை அணிந்த சூத்திரன். இருட்டுக்கு ஒரு முகம் வரையச் சொன்னபோது அந்த நூலுக்குத் தோன்றிய முகம் அது.

இங்கேயே நின்றுவிட்டால் விஷயம் சுலபமாக முடிந்துவிடும்: மேல்தட்டின் புலம்பல், அவ்வளவுதான் என்று. ஆனால் அதே புராண மரபு தன்னைத்தானே மறுத்தும் பேசியிருக்கிறது. விஷ்ணு புராணத்தின் ஆறாம் அம்சத்தில், முதல் அத்தியாயம் முழுக்கக் கலியைத் திட்டித் தீர்த்துவிட்டு, இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு சின்ன நாடகம் வருகிறது. எந்தக் காலத்தில் கொஞ்சம் தர்மம் செய்தால் நிறையப் பலன் கிடைக்கும் என்று முனிவர்களுக்குள் வாக்குவாதம். வியாசரைக் கேட்கலாம் என்று போனால் அவர் கங்கையில் பாதிக் குளியலில் இருக்கிறார். கரையில் மரத்தடியில் காத்திருக்கிறார்கள். அவர் ஒரு முழுக்குப் போட்டு எழுந்து, "கலி நல்லது" என்கிறார். மறுபடி முழுகி எழுந்து, "சூத்திரனே, நீ பாக்கியசாலி" என்கிறார். இன்னொரு முழுக்கு, "பெண்கள் பாக்கியசாலிகள்." கரையேறியதும் முனிவர்கள், வந்த கேள்வியை விட்டுவிட்டு, ஸ்வாமி தண்ணீருக்குள் என்னவோ சொன்னீர்களே என்று கேட்கிறார்கள். அவர் பதில்: கிருதத்தில் பத்து வருஷம் பாடுபட்டுக் கிடைப்பது திரேதாவில் ஒரு வருஷத்தில் கிடைக்கும், துவாபரத்தில் ஒரு மாதத்தில், கலியில் ஒரே நாளில். அங்கே தியானம், பிறகு யாகம், பிறகு அர்ச்சனை, கலியில் பெயரைச் சொன்னால் போதும்.

கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் சூத்திரனும் பெண்ணும் ஏன் பாக்கியசாலிகள் என்று வியாசர் சொல்லும் காரணத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வேதம், யாகம், விரதம் என்ற சுமையெல்லாம் இருபிறப்பாளருக்கு. இவர்கள் அவர்களுக்கும் கணவனுக்கும் பணிவிடை செய்தாலே அந்த உலகம் கிடைத்துவிடுமாம். கதவு திறந்திருக்கிறது, ஆனால் பின்கட்டு வாசல்.

முன்வாசலைத் தட்டியவர்கள் பாடல் பாடிய பக்தர்கள். கலியில் நாராயண பக்தர்கள் ஆங்காங்கே பிறப்பார்கள், திராவிட நாட்டில் மிகுதியாகப் பிறப்பார்கள் என்று பாகவதத்தின் பதினோராம் காண்டம் சொல்லி, தாமிரபரணி, கிருதமாலை, பயஸ்வினி, காவேரி என்று ஆறுகளையும் பெயர் சொல்லி அழைக்கிறது. கிருதமாலை வைகை, பயஸ்வினி பாலாறு என்பது வைணவர்கள் கொள்ளும் பொருள். கிருத யுகத்து ஜனங்களே கலியில் பிறக்க ஆசைப்படுகிறார்கள் என்று அதே இடத்தில் ஒரு வரி. ஆழ்வார்களை மனதில் வைத்து எழுதியது என்றுதான் எல்லோரும் படிக்கிறோம். தாமிரபரணிக் கரையின் நம்மாழ்வார், வேளாளர் குடியில் பிறந்ததாக மரபு சொல்பவர், திருவாய்மொழியில் "பொலிக பொலிக பொலிக" என்று தொடங்கி "கலியும் கெடும் கண்டுகொண்மின்" என்கிறார். 4,32,000 வருஷக் கணக்கு அவர் கண்ணில் பட்டதாகவே தெரியவில்லை. கடல்வண்ணனின் அடியார்கள் மண்மேல் நிறைந்து, பாடி ஆடித் திரிவதைக் கண்டோம், அதனால் கலி கெடும். அந்தப் பதிகத்திலேயே கலியுகம் நீங்கிக் கிருத யுகம் வந்து சேரும் என்றும் பாடுகிறார். யுகம் மாறுவது தேவ ஆண்டு முடிவதால் அல்ல, தெருவில் யார் நடமாடுகிறார்கள் என்பதால்.

இதே துணிச்சல் பாரதியிடம் திரும்ப வந்தது. ருஷ்யப் புரட்சியைப் பார்த்து, ஜார் வீழ்ந்ததை "இடிபட்ட சுவர்போலே கலிவிழுந்தான்" என்று பாடினார். அதை நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். அவருக்கு முன்பே, இன்னும் தெற்கே நடந்ததைப் பற்றித்தான் அதிகம் பேசுவதில்லை.

அன்றைய தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துச் சாமிதோப்பில், வைகுண்டர் என்று வணங்கப்படுபவர் 1809 முதல் 1851 வரை வாழ்ந்தார். அவர் வழி வந்த அகிலத்திரட்டு அம்மானையில் யுகம் நான்கல்ல, எட்டு. நீடிய யுகத்தில் தொடங்குகிறது. கலியுகம் ஏழாவது, அதன் பின்னால் தர்ம யுகம். குறோணி என்ற அசுரனை ஆறு துண்டாக வெட்ட, ஒவ்வொரு துண்டும் ஒரு யுகத்தில் தீமையாகப் பிறக்கிறது. கடைசித் துண்டு கலியன். அந்தக் கலியன் ஊர்மேல் எப்படி இறங்குகிறான்? வரியாக, கூலியில்லாத ஊழியமாக, இன்ன சாதிக்காரர் இன்னது உடுத்தக்கூடாது என்ற கட்டளையாக. அகிலத்தில் கலிநீசன் என்று வருவது திருவிதாங்கூர் அரசன். வெள்ளைக்காரனுக்கு வெண்ணீசன் என்று தனிப்பெயர்.

பாகவதத்தில் கலி, அரச வேடம் போட்ட சூத்திரன். அகிலத்தில் அசல் அரசனே கலி. அவனை எதிர்த்து நிற்பவர்கள், பாகவதத்தின் கணக்கில் அந்த உடைக்குத் தகுதி இல்லாதவர்கள். பனையேறும் சாணார் ஆண்கள் தலைப்பாகை கட்டக்கூடாது, பெண்கள் மாராப்புப் போடக்கூடாது என்றிருந்த ஊரில், வைகுண்டரின் ஆட்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டே பதி என்ற தங்கள் வழிபாட்டிடத்துக்குள் போய் வணங்கினார்கள். உள்ளே சிலைக்குப் பதில் நிலைக்கண்ணாடி. அவர் காட்டிய வழி அய்யாவழி; இன்றைக்கும் அய்யாவழிப் பதிகளில் ஆண்கள் தலைப்பாகையோடுதான் நிற்கிறார்கள். அன்று சாணார் என்று அழைக்கப்பட்ட நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று திருவிதாங்கூர் அரசு ஆணையிட்டது 1859-இல், வைகுண்டர் மறைந்து எட்டு வருஷம் கழித்து.

புராணக் கணக்கில் கலியை முடிப்பவர் கல்கி. சம்பல கிராமத்தில் விஷ்ணுயசஸ் என்ற பிராமணர் வீட்டில் பிறந்து, குதிரையில் வாளோடு வருவார். அதற்கு இன்னும் நாலு லட்சம் சொச்சம் ஆண்டு இருக்கிறது. அய்யாவழியினர் கணக்கில் முடிப்பவர் வந்தாகிவிட்டது: கொல்லம் ஆண்டு 1008, மாசி 20, திருச்செந்தூர்க் கடலிலிருந்து. அது 1833. அந்த வருஷத்துச் சித்திரை இன்னும் பிறக்கவில்லை என்பதால் பஞ்சாங்கத்தின்படி அன்றைக்குக் கழிந்த கலி 4933, பாக்கி 4,27,067. அந்த பாக்கியை யாரும் அவர்களிடம் வசூலிக்க வரவில்லை. வரி வசூலிக்கத்தான் வந்தார்கள். ஆண்டுதோறும் மாசி 20 அன்று நாகர்கோவிலிலிருந்து சாமிதோப்புக்குக் காவிக் கொடியோடு ஊர்வலம் போகிறது. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு அன்று உள்ளூர் விடுமுறை.